யூரினில் பஸ் செல் இருக்கிறது, கல்ச்சரில் கிருமி இல்லை: மருந்தால் வரும் சிறுநீரக அழற்சி

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. நெஞ்செரிச்சலுக்குப் பத்து வாரமாக பான்டோபிரசோல் சாப்பிடுகிறார். மூன்று வாரம் முன் பல் வலிக்கு ஏழு நாள் அமாக்ஸிசிலின் சாப்பிட்டார். அப்புறம் ஒரே சோர்வு, சாப்பாடு பிடிக்கவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் கிரியாட்டினின் ஆறு மாதம் முன் 0.9, இப்போது 2.8. யூரினில் பஸ் செல் 25–30, ஆனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மருந்தால் வந்த இன்டர்ஸ்டீஷியல் நெப்ரைட்டிஸாக இருக்கலாம் என்கிறார்கள். கிருமியே இல்லாமல் சீழ் எப்படி வரும்? எந்த மருந்து காரணம்? ஸ்டீராய்டு வேண்டுமா? பழையபடி ஆகுமா?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். "பஸ் செல் இவ்வளவு இருக்கிறதே, இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் போட்டுப் பார்க்கலாம்" என்று இந்த வாரம் யாராவது சொன்னால், சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பான்டோபிரசோல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவது பற்றி இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு வந்தவர்களும், இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிடுபவர்களும் இதைத் தாமாக நிறுத்தக்கூடாது என்பதால்தான் பேசுங்கள் என்கிறேன். பேசுவதை நாளைக்குத் தள்ள வேண்டாம். இந்த நோயில் மருந்து நின்ற தேதிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. பஸ் செல் என்று ரிப்போர்ட்டில் எழுதப்படுவது வெள்ளை அணு. அவ்வளவுதான். சிறுநீர்ப்பையில் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் வரும், சிறுநீரில் கலக்கும். நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை அப்படி வருபவை என்பதால், பஸ் செல் என்றாலே கிருமி என்று மனம் பழகிவிட்டது. ஆனால் வெள்ளை அணுக்கள் கிருமிக்கு மட்டும் கூடுவதில்லை. எங்கே அழற்சி இருக்கிறதோ அங்கெல்லாம் கூடும்.

உங்கள் அம்மாவுக்கு அந்த அழற்சி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் புறப்படுகிறது. வடிகட்டி கொட்டிய நீரில் பெரும் பகுதியையும் உப்பையும் சர்க்கரையையும் உடம்புக்குத் திருப்பி எடுத்துக்கொடுப்பது அந்தக் குழாயின் வேலை. குழாய்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குத்தான் இன்டர்ஸ்டீஷியம். சாதாரணமாக அங்கே வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு. இந்த நோயில் அந்த இடுக்கு முழுக்க வெள்ளை அணுக்கள் அடைத்துக்கொள்கின்றன, நீர் கோத்து வீங்குகிறது. சில அணுக்கள் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே இறங்கி, ஓடும் சிறுநீரோடு வெளியே வந்துவிடுகின்றன. நீங்கள் பார்த்த 25–30 அவைதான். கல்ச்சரில் வளர அங்கே உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. ஸ்டெரைல் பையூரியா என்று ரிப்போர்ட்டுகளில் வரும் சொல்லுக்கு இதுதான் பொருள்.

இந்த அணுக்கள் எங்கிருந்து வந்தன என்பதை மைக்ராஸ்கோப்பிலேயே சில சமயம் கண்டுபிடித்துவிடலாம். சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும்போது, தனித்தனி அணுக்களுக்கு நடுவே சின்ன உருளைகள் தென்படும். மெழுகை ஒரு குழாயில் ஊற்றி உறைய வைத்து உருவினால் எப்படி இருக்குமோ அப்படி. சிறுநீரகக் குழாயில் உறைந்த புரதம் அது. அதற்குள் வெள்ளை அணுக்கள் புதைந்திருந்தால், அந்த அணுக்கள் சிறுநீர்ப்பையில் சேர்ந்தவை இல்லை, மேலே சிறுநீரகத்திலேயே சேர்ந்தவை என்று உறுதியாகச் சொல்லலாம். இதற்கு வெள்ளணு காஸ்ட் என்று பெயர். சிறுநீரகத்துக்கே கிருமி ஏறிவிட்டாலும் இது வரும், ஆனால் அப்போது கல்ச்சர் பேசும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. காலையில் பிடித்த சிறுநீர் மதியம் வரை மேசையில் இருந்தால் காஸ்ட் கரைந்துபோய்விடும். இயந்திரம் எண்ணிக் கொடுக்கும் ரிப்போர்ட்டிலும் பல சமயம் தவறிவிடும். அதனால் புதிதாகப் பிடித்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது நல்லது. நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன்.

கிருமி இல்லாத பஸ் செல்லுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் பதில் பாதிதான். கல்ச்சருக்குக் கொடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கிருமி இருந்தும் வளராது. சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருந்தால் சாதாரண கல்ச்சரில் அது தெரியாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். கல், சரியாகப் பிடிக்காத சாம்பிள், இவையும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் சில வாரங்களில் கிரியாட்டினினை 0.9-லிருந்து 2.8-க்குச் சாதாரணமாக ஏற்றிவிடாது. பஸ் செல், வளராத கல்ச்சர், ஏறும் கிரியாட்டினின், புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்து. இந்த நான்கும் சேரும்போது முதலில் நினைக்க வேண்டியது உங்கள் மருத்துவர் சொன்ன நோயைத்தான். அவர் சரியான திசையில்தான் போகிறார்.

எந்த மருந்து என்ற கேள்விக்குப் போகும் முன், இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து சிறுநீரகத்தை நஞ்சுபோல் எரிக்கவில்லை. மருந்தின் துணுக்கு குழாயின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, உடம்பின் எதிர்ப்பாற்றல் அந்தச் சேர்க்கையை அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக இது ஒரு வகை அலர்ஜி. ஊசி போட்ட பத்தாவது நிமிடம் தடிப்பு எழும்பும் அலர்ஜி இல்லை, நாள்கள் எடுத்து மெதுவாகக் கூடும் அலர்ஜி. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. அளவு குறைவாகத்தானே சாப்பிட்டார் என்பது ஆறுதல் ஆகாது, பாதி மாத்திரைக்கும் இது வரும். "அளவைக் குறைத்துத் தொடரலாம்" என்ற யோசனையும் இங்கே உதவாது.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகைகள், செஃபலோஸ்போரின்கள், சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா மருந்துகள் இவையெல்லாம் பெரும்பாலும் தொடங்கிய ஒன்று இரண்டு வாரத்தில் காட்டிவிடும். காய்ச்சலோ தோலில் தடிப்போ கூட வர வாய்ப்பு உண்டு. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ஈசோமிப்ரசோல், ரபிப்ரசோல் என்று முடியும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் வேறு மாதிரி. வாரங்கள், மாதங்கள் கழித்துச் சத்தமில்லாமல் வரும். இரண்டு மூன்று மாதம் என்பது வழக்கமான கணக்கு. காய்ச்சல் இருக்காது, தடிப்பு இருக்காது. சோர்வு, குமட்டல், பசியின்மை, எடை இறங்குவது, இவ்வளவுதான். இந்தத் தொந்தரவுகளைப் பார்த்து "அசிடிட்டி கூடிவிட்டது" என்று அதே மாத்திரையை இரண்டு வேளையாக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் இந்த நோய்க்குக் காய்ச்சல், தடிப்பு, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற அலர்ஜி வெள்ளணு கூடுவது என்று மூன்று அடையாளங்கள் படித்திருப்போம். அது மெத்திசிலின் என்ற பழைய ஆன்டிபயாடிக் காலத்துப் படம். அந்த மருந்து இப்போது சிகிச்சையில் இல்லை, அது விட்டுப்போன படம் மட்டும் மனதில் நிற்கிறது. இன்றைக்கு மூன்றும் சேர்ந்து வருவது பத்தில் ஒருவருக்குத்தான். ஒமிப்ரசோலால் வந்த முதல் நோயாளியைப் பற்றி 1992-ல்தான் எழுதினார்கள். தடிப்பு இல்லை என்பதால் இது இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். சிறுநீரில் ஈசினோஃபில் தேடும் சோதனையும் அப்படித்தான். இருந்தாலும் உறுதி இல்லை, இல்லாவிட்டாலும் விடுதலை இல்லை. நான் அதை எழுதுவதை விட்டுப் பல வருடமாகிறது.

உங்கள் அம்மாவின் தேதிகளை வைத்துப் பார்த்தால் பத்து வாரப் பான்டோபிரசோலும் பொருந்துகிறது, மூன்று வாரத்துக்கு முந்தைய அமாக்ஸிசிலினும் பொருந்துகிறது. இன்னொன்றையும் கேட்கிறேன். பல் வலிக்கு யாரும் வெறும் ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிடுவதில்லை. கூடவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று ஏதாவது வலி மாத்திரை போட்டாரா? சீட்டில் எழுதாமல் கடையில் வாங்கியதாக இருந்தாலும் அம்மாவிடம் கேளுங்கள். வலி மாத்திரையாலும் இந்த நோய் வரும். அது வழக்கமாக மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு வருவது, சிறுநீரில் புரதம் நிறையப் போகும், பஸ் செல் குறைவாக இருக்கும். அதனால் முதல் சந்தேகம் அதன் மேல் இல்லை. ஆனால் ஏற்கெனவே அழற்சி உள்ள சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் கிரியாட்டினினைக் கூடுதலாக ஏற்றியிருக்கும். இனி அது வேண்டவே வேண்டாம்.

இதுதான் காரணம் என்று ஒன்றை நிரூபிக்க நம்பகமான ரத்தச் சோதனை கிடையாது. திரும்பக் கொடுத்துப் பார்ப்பது மிக ஆபத்து. ஒருமுறை பழகிய உடம்பு இரண்டாம் முறை இரண்டு மூன்று நாளிலேயே தாக்கும். ஆகவே சந்தேகப்படும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அமிலக் குறைப்பு வகையில் இன்னொன்றுக்கு மாறுவதையும் தவிர்ப்பதுதான் வழி. பான்டோபிரசோலுக்குப் பதில் ஈசோமிப்ரசோல் என்று மாற்றிக் கொடுத்து, அழற்சி அடங்காமல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பெயர்தான் வேறு, குடும்பம் ஒன்று.

என் நோயாளி ஒருவரின் கதையைச் சொல்கிறேன், உங்கள் அம்மாவுடையதற்கு மிக அருகில் இருக்கிறது. பெண், வயது 61, எடை 52 கிலோ. நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் தொடங்கியபோது கிரியாட்டினின் 0.8. ஒன்பதாவது வாரம் சோர்வு என்று பரிசோதனைக்குப் போனார். பஸ் செல் 20–25, கிரியாட்டினின் 1.3. சிறுநீர்த் தொற்று என்று ஐந்து நாள் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். கல்ச்சர் ரிப்போர்ட் நான்காம் நாள் வந்தது, கிருமி இல்லை. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துப் பஸ் செல் அப்படியே இருந்தது. "இந்த மருந்துக்கு அடங்காத கிருமி" என்று செஃபலோஸ்போரின் வகையில் வேறொன்று ஏழு நாள். ஆன்டிபயாடிக் வயிற்றைக் கெடுக்கும் என்று பான்டோபிரசோல் இரண்டு வேளையானது. என்னிடம் வந்தபோது கிரியாட்டினின் 3.6. எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. சிறுநீர் அளவு மட்டும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருந்தார். குழாய்கள் நீரைத் திருப்பி எடுக்கும் வேலையை விட்டுவிட்டதற்கு அது அடையாளம். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அதுவும் குழாயின் புகார்தான். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இந்த நோயில் அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை.

அவருடைய மகன் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தார். ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் தேதி, நடுவில் அன்று தொடங்கிய மருந்து, வலப்பக்கம் கிரியாட்டினின் என்று மூன்று பத்தியாக எழுதினோம். எழுதி முடித்தபோது விடை தாளிலேயே இருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் தொடங்குவதற்கு முன்பே பஸ் செல் வந்துவிட்டது, கிரியாட்டினினும் ஏறத் தொடங்கிவிட்டது. ஆக முதல் குற்றவாளி பான்டோபிரசோல். நடுவில் வந்த ஆன்டிபயாடிக்குகள் எரிகிற இடத்தில் எண்ணெய் விட்டனவா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு வாரத்தை வீணாக்கின என்பது உறுதி. நீங்களும் இன்றைக்கே இப்படி ஒரு தாள் எழுதுங்கள். அம்மா வாங்கிய ஒவ்வொரு மாத்திரைக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி. மருத்துவரின் முன் வைத்தால் பத்து நிமிடப் பேச்சு மிச்சமாகும்.

அன்றே பான்டோபிரசோலை நிறுத்தினோம். நிறுத்தியதும் நெஞ்செரிச்சல் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பும், சில வாரம் இருக்கும். இத்தனை நாள் அடக்கி வைத்த அமிலச் சுரப்பு எதிர்வினையாகக் கூடுவதால் அப்படி. இது தெரியாமல் பலர் பயந்து மறுபடி அதே மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். ஃபமோடிடின் வேறு வகை என்பதால் அதைக் கொடுத்தோம், சிறுநீரகம் குறைவாக வேலை செய்வதால் பாதி அளவில்.

நான்கு நாள் பார்த்தோம். கிரியாட்டினின் 3.6-லேயே நின்றது. பயாப்ஸி செய்தோம். பயாப்ஸி என்றதும் வீட்டில் பயந்தார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நூல் அளவுக்கு இரண்டு துண்டு எடுப்பது. அன்று முழுக்கப் படுக்கையில் இருக்க வேண்டும். ஓரிருவருக்குச் சிறுநீரில் ரத்தம் வரும், பெரும்பாலும் தானாக நிற்கும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் வடிகட்டிகள் எல்லாம் நலமாக இருந்தன. இடுக்குகளில் வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தன, ஈசினோஃபில்களும் இருந்தன, குழாய்ச் சுவருக்குள் அணுக்கள் புகுந்திருந்தன. தழும்பு 15 சதவீதம். பயாப்ஸி செய்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் எண் இந்தத் தழும்பு சதவீதம்தான். அழற்சி அடங்கும், தழும்பு திரும்பாது. அழற்சி ஓரிரு வாரத்துக்கு மேல் நீடித்தாலே தழும்பு தொடங்கிவிடும். நாள் கணக்கைப் பற்றி நான் இவ்வளவு சொல்வது அதனால்தான்.

எல்லோருக்கும் பயாப்ஸி வேண்டியதில்லை. சந்தேக மருந்து தெளிவாக இருந்து, நிறுத்திய மூன்று முதல் ஐந்து நாளில் கிரியாட்டினின் இறங்கத் தொடங்கினால் அப்படியே விட்டுப் பார்க்கலாம். இறங்காவிட்டால், அல்லது ஏறிக்கொண்டே போனால், காத்திருப்பது தவறு.

ஸ்டீராய்டு பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பெரிய அளவில், குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு இதில் இல்லை. இருப்பவை பெரும்பாலும் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்த ஆய்வுகள், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 2008-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு 61 நோயாளிகளைப் பார்த்தது. ஸ்டீராய்டு பெற்றவர்கள் நன்றாக மீண்டார்கள். அவர்களிலும் மருந்தை நிறுத்திச் சுமார் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கியவர்கள், ஐந்து வாரம் தள்ளித் தொடங்கியவர்களைவிடத் தேறினார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: கொடுப்பதென்றால் சீக்கிரம் கொடு, தழும்பு நிறைந்த சிறுநீரகத்துக்குக் கொடுக்காதே. வழக்கமான அளவு எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசோலோன், 60-ஐத் தாண்டாமல். ஒன்று இரண்டு வாரம் கழித்துக் குறைத்துக்கொண்டே வந்து, மொத்தம் ஆறு வாரம் போல முடிப்பது. எட்டு வாரத்துக்கு மேல் இழுப்பதில் பலன் கூடுவதில்லை, சர்க்கரையும் தொற்றும்தான் கூடும். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், ஸ்டீராய்டு தொடங்கிய அன்றிலிருந்தே மதியத்துக்குப் பின் ஒருமுறை சர்க்கரை பாருங்கள். காலையில் போடும் ஸ்டீராய்டுக்கு அது மாலையில்தான் ஏறும், காலை வெறும் வயிற்றில் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, தயவுசெய்து நினைவில் வையுங்கள். ஸ்டீராய்டு எழுதும் கை பழக்கத்தில் அடுத்த வரியில் பான்டோபிரசோலையும் எழுதிவிடும். வயிற்றைக் காக்க என்று. டிஸ்சார்ஜ் சீட்டில் எது நோயைக் கொடுத்ததோ அதே மாத்திரை காலை வெறும் வயிற்றில் ஒன்று என்று இருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். என் நோயாளிக்கே அப்படி நடந்தது. வார்டில் பயிற்சி மருத்துவர் எழுதிய சீட்டு, நான் கையெழுத்துப் போடும் முன் கவனித்தேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். "-பிரசோல்" என்று முடியும் எதுவும் இருக்கக்கூடாது. வலி மாத்திரையோடு சேர்த்து ஒரே கேப்சூலாக வருவதும் உண்டு, அட்டையின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

இனி, பழையபடி ஆகுமா. அவருக்குப் பிரெட்னிசோலோன் 50 மில்லிகிராம் தொடங்கினோம். ஐந்தாம் நாள் 2.9. இரண்டு வாரத்தில் 2.1. முதலில் திரும்பியது பசிதான், அப்புறம் இரவில் எழுந்திருப்பது ஒருமுறையாகக் குறைந்தது. ஆறு வாரத்தில் 1.5, மூன்று மாதத்தில் 1.2. பஸ் செல் நான்காவது வாரம் மறைந்தது. அதற்கப்புறம் ஒரு வருடமாக 1.2-லேயே நிற்கிறது, 0.8-க்குப் போகவில்லை.

இந்த எண்ணைப் பார்த்து வீட்டில் எல்லோரும் முழுசாகக் குணமானதாக நினைத்தார்கள். 3.6-லிருந்து 1.2 என்பது பெரிய இறக்கம்தானே. ஆனால் கிரியாட்டினின் ஒரு நேர்கோடு இல்லை. அவர் வயதுக்கும் பாலினத்துக்கும் கணக்கிட்டால் 0.8 என்பது வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 84 மில்லி. 3.6 என்பது 14. 1.2 என்பது 51. அதாவது பழைய திறனில் பத்தில் ஆறு பங்கு இருக்கிறது, நான்கு பங்கு போய்விட்டது. டயாலிசிஸ் வேண்டாம், சாதாரண வாழ்க்கை வாழலாம். ஆனால் இனி அவர் நாள்பட்ட சிறுநீரகக் குறைவு உள்ளவர், மருந்து அளவுகளை அந்தக் கணக்கில் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். ஆனால் கிட்டத்தட்ட பாதிப் பேர் பழைய எண்ணுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அமிலக் குறைப்பு மாத்திரையால் வந்தவர்கள் ஆன்டிபயாடிக்கால் வந்தவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்குகிறார்கள். அது கொடிய மருந்து என்பதால் இல்லை என்று நினைக்கிறேன். சத்தமில்லாமல் வருவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது, அந்தத் தாமதம்தான் பெரிய காரணம். உங்கள் அம்மா 2.8-ல் பிடிபட்டிருக்கிறார், சந்தேகமும் சீக்கிரம் வந்திருக்கிறது. நிறுத்திய முதல் வாரத்தில் எண் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள், அது நிறைய சொல்லும்.

சோதனைகள் என்று பார்த்தால், முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிரியாட்டினினும் பொட்டாசியமும். இறங்கத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. மூன்றாம் மாதம் வரும் எண்தான் ஏறக்குறைய நிலையான எண், அதற்கு முன் நம்பிக்கை இழக்க வேண்டாம். சிறுநீர் அளவு திடீரென்று குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கை கால் தளர்ந்து நெஞ்சு படபடத்தாலோ அடுத்த சோதனை நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். பொட்டாசியம் ஏறியிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, நெஞ்செரிச்சலுக்கு இந்த மாத்திரை சாப்பிடும் மற்றவர்கள் பயப்பட வேண்டாம். நியூசிலாந்தில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு லட்சம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் சுமார் 12 பேருக்கு இது வந்தது. அரிதுதான். ஆனால் சாப்பிடுபவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் அந்த அரிது எங்கள் வார்டில் அடிக்கடி வந்து படுக்கிறது. அதில் பலர் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு வருடமாக நிறுத்தாமல் சாப்பிட்டவர்கள்.

கடைசியாக, அம்மாவின் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். "பான்டோபிரசோல் வகை எதுவும் கூடாது, சிறுநீரக அழற்சி வந்திருக்கிறது" என்று தேதியோடு. அமாக்ஸிசிலின் சந்தேகம் தீரும் வரை அதுவும் பட்டியலில் இருக்க வேண்டும். பென்சிலின் குடும்பம் முழுவதையும் வாழ்நாளுக்குத் தள்ளிவைப்பதா என்பதைப் பின்னால் அலர்ஜி மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம், அவசரம் இல்லை. என் நோயாளிக்குப் போன வருடம் பித்தப்பை அறுவை நடந்தது. காலையில் நர்ஸ் கொண்டுவந்த தட்டில் மூன்று ஊசி இருந்தது, ஒன்று பான்டோபிரசோல், அறுவைக்கு முன் எல்லோருக்கும் போடுவது. அவர் தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். நர்ஸ் படித்துவிட்டு அந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார், கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்தார். வீட்டுக்குப் போகும் நாளில் எடுத்த கிரியாட்டினின் 1.2.